கட்டை மறைக்க மேலே ஷாட் போட்டேன், கட் இன்னும் நன்றாகத் தெரிகிறது

ஊசிநூல் | பிப்ரவரி 9, இரவு 10.47

அப்பா தையல் மிஷின் மெக்கானிக். அவர் பேசுவதை மொபைலில் எடுத்து, வெட்டி, யூடியூபில் போடுகிறேன். இந்த முறை 41 நிமிடம் பேசினார். இருமல், வாடிக்கையாளர் கதை, தெருச் சண்டை எல்லாம் போக மிஞ்சியது 9 நிமிடம். மொத்தம் 23 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் தலை டக்கென்று இடம் மாறுகிறது. ஓரிடத்தில் கண்ணாடி மூக்கில் இருக்கிறது, அடுத்த நொடி நெற்றியில்.

பி-ரோல் போட்டு மூடிவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். 23 இடத்திலும் மிஷின் ஓடுகிற ஷாட்டைப் போட்டேன். வெட்டுக்கு முன்னால் அரை நொடி, பின்னால் அரை நொடி. இப்போது எதையோ மறைக்கிறேன் என்று ஊருக்கே தெரிகிறது. தங்கை பார்த்துவிட்டு "என்னக்கா, மின்னல் வெட்டுது" என்கிறாள். ஷாட் போதவில்லையா, இல்லை வேறெங்காவது தப்பா?

மரவேலை | பிப்ரவரி 9, இரவு 11.02

தலைப்பைப் பார்த்து மரக்கட்டையை மறைப்பது பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன். வந்ததற்கு இருந்துவிட்டுப் போகிறேன்.

சட்டுபுட்டு | பிப்ரவரி 9, இரவு 11.20

அக்கா, கட் தெரிந்தால் என்ன? இப்போது பாதி சேனல் அப்படித்தான் ஓடுகிறது, யாரும் கேட்பதில்லை. 4கே-யில் எடுத்து 1080-ல் எடிட் பண்ணுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒருமுறை உள்ளே ஜூம், அடுத்ததில் வெளியே. இருமடங்கு வரை தாங்கும். இரண்டாவது கேமரா வைத்தது மாதிரி இருக்கும். பி-ரோல் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் சரியாக 3 நொடி. அதுதான் கணக்கு.

அடுப்படி | பிப்ரவரி 10, காலை 6.15

எனக்கும் இதே பிரச்சினை. வெங்காயம் நறுக்கும்போது கேமரா ஆடிவிடுகிறது. ஸ்டாண்டுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை மடித்து வைத்தேன், நின்றுவிட்டது. முயன்று பாருங்கள்.

ஊசிநூல் | பிப்ரவரி 10, காலை 7.40

அடுப்படி அக்கா, என் கேமரா ஆடவில்லை, அப்பாதான் ஆடுகிறார். ஆனாலும் டியூப் யோசனை நல்லது, எடுத்துக்கொண்டேன்.

தம்பி சட்டுபுட்டு, ஜூம் போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு இடத்தில் உண்மையிலேயே சரியாகிவிட்டது. ஆனால் நெற்றிக்கு ஏறின கண்ணாடியை ஜூம் எப்படி இறக்கும்?

பழைய மேசை | பிப்ரவரி 10, மதியம் 2.30

செய்திச் சேனலில் டேப் காலத்திலிருந்து எடிட்டிங் செய்தவன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அம்மா, உங்கள் தப்பு ஷாட்டின் எண்ணிக்கையில் இல்லை. ஷாட்டை வெட்டின் மேல் ஒட்டுகிறீர்கள், காயத்தின் மேல் பிளாஸ்திரி மாதிரி. பிளாஸ்திரியைப் பார்த்ததும் காயம் அங்கேதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஒரு சோதனை. மேலே போட்ட ஷாட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 9 நிமிடத்தையும் ரேடியோ கேட்கிற மாதிரிக் கேளுங்கள். எங்கே வெட்டியது என்று காதுக்குத் தெரிகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் எந்த ஷாட் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் ஷாட் மறைப்பது படத்தை மட்டும். மூச்சு பாதியில் அறுந்தால், விசிறிச் சத்தம் திடீரென்று நின்றால், ஒரு வாக்கியம் உச்சத்தில் முடிந்து அடுத்தது தாழ்வில் தொடங்கினால், பார்ப்பவர் உடனே நிமிர்ந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து நீங்கள் படத்தையும் மாற்றினால் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒலி சரியான பிறகுதான் படம். அதை ராத்திரி எழுதுகிறேன், பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரம்.

ஊசிநூல் | பிப்ரவரி 10, இரவு 9.10

கேட்டேன் சார். 23-ல் 14 இடம் காதுக்கே தெரிகிறது. அதில் பாதி விசிறி. அப்பா நடுவில் எழுந்துபோய் விசிறியைப் போட்டிருக்கிறார், எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

பழைய மேசை | பிப்ரவரி 10, இரவு 10.25

நல்லது. விசிறி ஓடாமல் பேசிய பகுதி, ஓடும்போது பேசிய பகுதி, இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒலி சுவரில் மோதின மாதிரி இருக்கும். அதே அறையில், அதே மைக்கில், யாரும் பேசாமல் விசிறி மட்டும் ஓடுகிறபடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை விசிறி இல்லாத பகுதிகளுக்கு அடியில் மெல்லப் பரப்புங்கள். மைக்கும் தூரமும் மாறக் கூடாது. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று பிரேம் அளவுக்கு ஒலியை ஒன்றோடொன்று கரையவிடுங்கள். மூச்சைப் பொறுக்கி வெட்டாதீர்கள். மூச்சு விடாத மனிதரைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும்.

இனி படம். ஒரு ஷாட் எப்போது உள்ளே வர வேண்டும்? அப்பா வாயிலிருந்து எந்தச் சொல் வந்ததும் அந்தப் பொருளைப் பார்க்கத் தோன்றுகிறதோ அந்தச் சொல்லில், அல்லது அதற்கு ஒரு கால் நொடி முன்னால். வெட்டு எங்கே இருக்கிறது என்பதை அப்போது மறந்துவிடுங்கள். எப்போது வெளியே போக வேண்டும்? கை செய்கிற வேலை முடிந்ததும், அல்லது அப்பா ஒரு விஷயத்தை முகத்தோடு சொன்னால்தான் எடுபடும் என்கிற இடத்தில். வெட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தானாக அடங்கிவிடும். வெட்டு இல்லாத நாலைந்து இடத்திலும் ஷாட் போடுங்கள். அப்போதுதான் முகத்தை விட்டுப் போவது இந்த வீடியோவின் வழக்கம் என்று கண் பழகும். வெட்டில் மட்டும் போட்டால் அது சைரன்.

தம்பி சொன்ன 3 நொடிக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. நூல் கோர்ப்பதற்கு 6 நொடி வேண்டும், எண்ணெய்ச் சொட்டு விழ 2 நொடி போதும். ஜூமைப் பற்றி அவர் சொன்னது பாதி சரி. 3840-ல் எடுத்து 1920-ல் எடிட் செய்தால் புள்ளிக் கணக்கில் இருமடங்கு தாங்கும், உண்மைதான். ஆனால் வீட்டு வெளிச்சத்தில் மொபைலில் எடுத்ததை அவ்வளவு இழுத்தால் கன்னத்தில் மணல் கொட்டின மாதிரித் தெரியும். எனக்கு 125 முதல் 140 சதவீதம் வரை ஒத்துவருகிறது. 105, 110 வைத்தால் ஜூம் என்று தோன்றாது, யாரோ நாற்காலியை இடித்த மாதிரி இருக்கும். ஜூம் செய்ததும் கண் இரண்டும் திரையில் பழைய உயரத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

சட்டுபுட்டு | பிப்ரவரி 10, இரவு 10.50

சரி சார், 3 நொடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட் தெரிந்தால் தப்பில்லை என்பதை வாங்க மாட்டேன்.

ஊசிநூல் | பிப்ரவரி 11, இரவு 11.30

ஒரு துண்டை மட்டும் எடுத்துச் செய்து பார்த்தேன். அப்பா பேசியது இது:

"துணிக்கு அடியில நூல் கொத்துக் கொத்தா வந்தா எல்லாரும் பாபின் கேஸைத்தான் திருகுவாங்க." [இங்கே நாலு நிமிடம் ஒரு டெய்லர் கதை, வெட்டியாச்சு] "தப்பு அங்க இல்ல. மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள்ள உக்காரல. பாதத்தைத் தூக்கிட்டு நூல் கோருங்க."

முன்பு "திருகுவாங்க"வுக்கும் "தப்பு"க்கும் நடுவில் மிஷின் ஓடுகிற ஷாட் ஒரு நொடி இருந்தது. இப்போது "அடியில" என்ற சொல்லிலேயே துணியைத் திருப்பிக் காட்டுகிற ஷாட் வருகிறது, அடியில் நூல் சுருண்டு கிடக்கிறது. அது நிற்கும்போதே அடுத்த ஷாட், விரல் பாபின் கேஸைத் திருகுகிறது. வெட்டு அதற்குள் போய்விட்டது. பிறகு அப்பாவின் முகம், "தப்பு அங்க இல்ல". அதைச் சொல்லும்போது அவர் லேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வேண்டும் என்பதற்காகவே முகத்துக்குத் திரும்பினேன். "டென்ஷன் தட்டு" என்றதும் மறுபடி கை.

தங்கையிடம் காட்டி எங்கே வெட்டினேன் என்று கேட்டேன். முகம் வந்து போகிற இடத்தைக் காட்டினாள். தவறான இடம்!

நடுவில் ஒரு கூத்து. ரிசால்வில் ஷாட்டை மேல் டிராக்கில் வைக்க `F12` அழுத்த வேண்டும், நான் `F10` அழுத்தியிருக்கிறேன். அது கீழே இருப்பதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்பாவின் குரல் போய் மிஷின் சத்தம் மட்டும். கால் மணி நேரம் மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லெழுத்து | பிப்ரவரி 12, காலை 9.05

உங்களுக்காவது மிஷின் இருக்கிறது. நான் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவன். என்னிடம் இருப்பது கொஞ்சம் போட்டோ, என் முகம், ஒரு புத்தக அலமாரி. ஒரே போட்டோவை ஒன்பது முறை மெல்ல ஜூம் செய்து காட்டினால் எனக்கே தூக்கம் வருகிறது. இலவச வீடியோ கிடைக்கிற தளங்களில் 'பழைய கோயில்' என்று தேடினால் கம்போடியாவைத் தருகிறார்கள். சோழர் கல்வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு அதை எப்படிப் போடுவது?

பழைய மேசை | பிப்ரவரி 12, காலை 11.40

போடாதீர்கள் ஐயா. பேச்சுக்குச் சம்பந்தமில்லாத ஷாட்டை விட உங்கள் தலை குதிப்பது மேல். தெரிந்தவர் ஒருவர் கவனித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சரியாகச் சொன்னதையும் சந்தேகப்படுவார்.

ஒரு போட்டோவில் ஒன்பது ஷாட் எடுக்கலாம், ஆனால் ஒன்பதும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். முழுச் சுவர் ஒன்று. நீங்கள் வாசிக்கிற வரி மட்டும் ஒன்று. அந்த வரியில் சிதைந்து போன எழுத்து ஒன்று. அசையாமல் நிற்கிற படமும் ஒரு ஷாட்தான், எல்லாவற்றையும் ஜூம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் எடுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான்.

கல்லெழுத்து | பிப்ரவரி 12, மதியம் 12.15

நான் படிக்கும்போது என் கையை மேலிருந்து எடுத்தால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. கல்வெட்டிலிருந்து தாளில் ஒற்றி எடுத்த மைப்படியில் விரல் வைத்து எழுத்து எழுத்தாக நகர்வது. வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

மரவேலை | பிப்ரவரி 12, மதியம் 1.00

'பி-ரோல்' என்றால் ஏன் பி? ஏ எங்கே போனது?

பழைய மேசை | பிப்ரவரி 12, இரவு 8.50

16 மில்லிமீட்டர் ஃபிலிம் காலத்துப் பெயர். நெகட்டிவை இரண்டு ரோலாகப் பிரித்து அடுக்குவார்கள். ஒரு ஷாட் ஏ ரோலில் ஓடும்போது பி ரோலில் கருப்பு லீடர், அடுத்த ஷாட் பி-யில், அப்போது ஏ-யில் கருப்பு. ஒட்டின இடம் பிரிண்டில் தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு. ஆக அந்த எழுத்து பிறந்ததே ஒட்டு மறைக்கும் வேலையில்தான். செய்தியில் பேச்சு ஓடுகிற ரோல் ஏ, மேலே காட்டுகிற சத்தமில்லாத படம் பி என்று ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிலிம் போய் டேப் வந்துவிட்டது. ஒலியைத் தொடாமல் படத்தை மட்டும் டேப்பின் நடுவில் செருகுவோம். ஷாட் ஒரு நொடி நீளமாகிவிட்டால் அடுத்து வர வேண்டிய முகத்தைத் தின்றுவிடும், மறுபடி செருக வேண்டும்.

ஊசிநூல் | பிப்ரவரி 15, இரவு 10.05

இப்போது ஒலியை முதலில் முடித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே ஷாட் பட்டியல் எழுதினேன். முன்பெல்லாம் மிஷினை இஷ்டத்துக்கு அரை மணி நேரம் எடுப்பேன், உட்கார்ந்து பார்த்தால் தேவையானது இருக்காது. இந்த முறை பட்டியலில் 19 வரி. 'துணியின் அடிப்பக்கம், சுருள் நூல்', 'பாதம் தூக்கும் நெம்புகோல், பக்கவாட்டில்', இப்படி. ஒவ்வொன்றையும் வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு நொடி, முடிந்த பிறகு இரண்டு நொடி கேமராவை ஓடவிட்டு எடுத்தேன்.

அப்படியும் முதல் நாள் எடுத்ததெல்லாம் வீண். அப்பா பேசியது காலை ஜன்னல் வெளிச்சத்தில். கை ஷாட் எடுத்தது ராத்திரி டியூப்லைட்டில். நிறம் பச்சையாக இருந்தது, அதைக்கூடத் திருத்தியிருப்பேன். படத்தில் மெல்லிய கருப்புப் பட்டைகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன, அதற்கு மருந்தில்லை.

சட்டுபுட்டு | பிப்ரவரி 15, இரவு 10.22

இது எனக்குத் தெரியும் அக்கா! நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மொபைலில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவையுங்கள், பட்டை போய்விடும். தானியங்கியில் விட்டால் அது 1/60, 1/120 என்று ஓடும்.

பழைய மேசை | பிப்ரவரி 15, இரவு 10.40

முழுசாகச் சரி. சில மலிவான எல்.இ.டி. மட்டும் இதற்கும் அடங்காது, அதை அணைத்துவிடுவதுதான் வழி.

ஊசிநூல் | பிப்ரவரி 18, இரவு 9.30

முடித்துவிட்டேன். 23 வெட்டில் 6 இடத்தில் அப்பாவின் இடைவெளியைத் திருப்பி வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டேன், வெட்டவே தேவையில்லாத இடங்கள் அவை. 5 ஜூம். 8 ஷாட்டுக்குள். மீதி 4 தலைப்பு மாறுகிற இடம், அப்படியே குதிக்கட்டும் என்று விட்டேன். குதிப்பதே 'அடுத்த விஷயம்' என்று சொல்கிறது. தம்பி, இதில் நீ ஜெயித்தாய்.

இன்னொன்று. கை ஷாட்டின் ஒலியை முழுக்க அணைத்து வைத்திருந்தேன். பாதம் இறங்கும் 'டக்' மட்டும் பேச்சுக்கு அடியில், கேட்டும் கேட்காமலும் திறந்துவிட்டதும் ஷாட் வீடியோவோடு ஒட்டிக்கொண்டது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, தற்செயல்.

ஊசிநூல் | பிப்ரவரி 22, காலை 7.15

ஒரு கெட்ட செய்தி. ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். தைத்த ரவிக்கைத் துணி முழுக்கக் கறை. அவருடையது புது பிளாஸ்டிக் உடம்பு மிஷின்.

அப்பா சொன்னது: "தினம் ஓட்டுற கருப்பு மிஷினுக்கு, இந்த பிளாஸ்டிக் மிஷினுக்கு இல்ல, அதுக்குப் புத்தகத்துல போட்ட இடத்துல மட்டும்தான், காலைல ரெண்டு சொட்டு விடணும்." நடுவில் திக்கித் திக்கிச் சொன்னதால் அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். 'தினம் ஓட்டுற மிஷினுக்குக் காலைல ரெண்டு சொட்டு' என்று அழகாகச் சேர்ந்தது. மேலே எண்ணெய்ச் சொட்டு விழும் ஷாட். 8 ஷாட்டில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்பா பார்த்துவிட்டு "நான் அப்படிச் சொல்லலையே" என்றார். தலை குதித்திருந்தால் வெளியிடும் முன் நானே நின்று யோசித்திருப்பேன்.

சட்டுபுட்டு | பிப்ரவரி 22, காலை 8.00

அதனால்தான் சொன்னேன், கட் தெரியட்டும் என்று. தெரிகிற கட் 'இங்கே எதையோ எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்கிறது.

பழைய மேசை | பிப்ரவரி 22, காலை 10.30

தெரிகிற வெட்டாக இருந்தாலும் அந்தத் துணியில் கறைதான். வெட்டியதே தப்பு, மறைத்தது அதற்கு அப்புறம். நாங்கள் பேட்டி வெட்டும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாக்கியத்துக்குள் வெட்டினால், பேசியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தலையாட்டுவாரா என்று எங்களையே கேட்டுக்கொள்வோம். ஆனால் எல்லா மேசையிலும் அப்படிக் கேட்டதில்லை, நானும் எல்லா நாளும் கேட்டதில்லை.

கல்லெழுத்து | பிப்ரவரி 22, காலை 11.10

கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த இடத்துக்குப் புள்ளி வைத்துக் காட்டுகிறோம். வீடியோவில் ஏன் அப்படி ஒன்று இல்லை?

பழைய மேசை | பிப்ரவரி 22, காலை 11.25

நொடிப்பொழுது வெள்ளைத் திரை மின்னுவது சில இடத்தில் அந்த வேலையைச் செய்தது. பார்ப்பவர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்.

ஊசிநூல் | பிப்ரவரி 25, இரவு 10.15

எண்ணெய்ப் பகுதியை எடுத்துவிட்டு அப்பாவை மறுபடி பேச வைத்துச் சேர்த்து, புதிதாக ஏற்றினேன். பழைய வீடியோவை நீக்கிவிட்டேன், துணிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை அப்பா திக்கினது திக்கினபடி இருக்கிறது. எண்ணெய்க் கை ஷாட்டும் புதிது.

ஊசிநூல் | பிப்ரவரி 27, இரவு 9.50

அந்தப் புது ஷாட்டில் அப்பாவின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. இடையில் ஒருநாள் ஊசி ஏறிவிட்டது. அடுத்த ஷாட்டில் பிளாஸ்திரி இல்லை, அதற்கடுத்ததில் மறுபடி இருக்கிறது. நான் நிறம், நூல், வெளிச்சம் எல்லாம் ஒத்துப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.

வந்திருக்கிற 14 பின்னூட்டத்தில் 11 "ஐயாவுக்கு விரலில் என்ன ஆச்சு?" இரண்டு, எந்த மிஷின் வாங்கலாம். ஒன்று மரவேலையிடமிருந்து, "கட்டையை மறைக்க மறந்துவிட்டீர்கள்."